முப்பது பக்க அறிக்கை, ஏழு ஸ்லைடு



மம்பாவ் வட்டாரத்திலிருந்து சிரம்பானுக்கும் நீலாய்க்கும் கல்லூரிக்குப் போய்வரும் நம் பிள்ளைகளில் வணிகமும் கணக்கியலும் படிப்பவர்களுக்கு ஒரு வேலை வந்து சேரும். பங்கு ஆய்வாளர் ஒருவர் எழுதிய அறிக்கையை விரிவுரையாளர் கையில் கொடுப்பார். அதைப் படித்து, வகுப்பின் முன் நின்று, பத்தே நிமிடத்தில் ஸ்லைடு போட்டு விளக்க வேண்டும். அறிக்கையோ முப்பது பக்கம். எங்கு பார்த்தாலும் அட்டவணை. அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்து. பெரும்பாலும் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? அட்டவணையை அப்படியே வெட்டி ஸ்லைடில் ஒட்டிவிட்டு, திரையைப் பார்த்து வாசிக்கிறார்கள். கடைசி வரிசையில் இருப்பவனுக்கு எழுத்தும் தெரியாது, பொருளும் புரியாது.

இந்த மாதம் அந்த வேலையை எப்படிச் செய்வது என்று படிப்படியாகப் பார்ப்போம். நமக்குத் தெரிந்த செம்பனைத் தொழிலையே எடுத்துக்கொள்வோம். நாடு முழுவதுக்குமான கணக்குகள் மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் வெளியிட்டவை. அவை உண்மைக் கணக்குகள். கம்பெனி ஒன்றின் கணக்கு வரும் இடங்களில் மட்டும், பயிற்சிக்காக நானே சில எண்களை வைத்துக்கொள்கிறேன். எது உண்மைக் கணக்கு, எது பயிற்சிக் கணக்கு என்பதை அந்தந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

முதல் பக்கத்தில் தொடங்கி முப்பதாம் பக்கம் வரை வரிசையாகப் படிக்க வேண்டாம். ஆய்வறிக்கையில் முக்கியமான இடங்கள் மூன்றுதான்.

முதலாவது, முன்பக்கம். அங்கே ஒரு தீர்ப்பு இருக்கும்: இந்தப் பங்கை வாங்கலாம், வைத்திருக்கலாம், அல்லது விற்கலாம். அதன் அருகிலேயே இரண்டு விலைகள் இருக்கும். ஒன்று, பங்கு இன்று விற்கும் விலை. மற்றொன்று, இன்னும் ஓராண்டுக்குள் அது எட்டும் என்று ஆய்வாளர் எண்ணும் விலை. இதை இலக்கு விலை என்பார்கள்.

இரண்டாவது, அனுமானங்களின் அட்டவணை. இது பெரும்பாலும் நடுப்பக்கங்களில் ஒளிந்திருக்கும். அடுத்த ஆண்டு எண்ணெய் விலை டன்னுக்கு எவ்வளவு, ஒரு ஹெக்டருக்குக் குலை எவ்வளவு, செலவு எவ்வளவு என்று ஆய்வாளர் தாமாக எடுத்துக்கொண்ட எண்கள் அங்கேதான் இருக்கும். நடந்து முடிந்த ஆண்டின் எண்ணையும் வரப்போகும் ஆண்டின் எண்ணையும் ஒரே வரிசையில் அடுத்தடுத்துப் போட்டிருப்பார்கள். வரப்போகும் ஆண்டைக் காட்டும் ஓர் எழுத்து மட்டும் ஆண்டின் பக்கத்தில் சிறியதாக ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கவனியாமல் விட்டால், ஊகத்தை உண்மை என்று வகுப்பில் சொல்லிவிடுவீர்கள்.

மூன்றாவது, கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்து. அறிக்கை எழுதிய நிறுவனத்துக்கும் அந்தக் கம்பெனிக்கும் கொடுக்கல் வாங்கல் உண்டா என்பது அங்கே எழுதியிருக்கும்.

இந்த மூன்றையும் படித்த பிறகு ஒரு தாளை எடுத்து, ஒரே வாக்கியம் எழுதுங்கள். "இந்த அறிக்கை இன்னது சொல்கிறது, காரணம் இன்னது, இன்னது நடந்தால்தான் அது சரியாக வரும்." இந்த வாக்கியம் எழுத வரவில்லை என்றால் அறிக்கை இன்னும் உங்களுக்கு விளங்கவில்லை என்று பொருள். ஸ்லைடு பக்கம் போகாதீர்கள், திரும்பப் படியுங்கள்.

நம் பயிற்சி அறிக்கைக்கு அந்த வாக்கியம் இப்படி அமையட்டும்: "இந்தத் தோட்டக் கம்பெனியின் பங்கை வாங்கலாம், காரணம், 2024-ஆம் ஆண்டில் எண்ணெய் விலை ஏறி இலாபம் கூடியது, அந்த விலை இறங்காமல் நின்றால்தான் இது சரியாக வரும்." இனி ஏழு ஸ்லைடும் இந்த ஒரு வாக்கியத்தின் பின்னால்தான் போக வேண்டும்.

ஏன் ஏழு? ஒரு ஸ்லைடுக்கு ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் பேச்சு வேண்டும். ஏழு போட்டால் பத்து நிமிடம் நிறைந்துவிடும். பதினைந்து போட்டவர்கள் கடைசி ஐந்தை ஓட்டமாக ஓட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் முடிவு இருப்பது அந்தக் கடைசி ஐந்தில்தானே?

முதல் ஸ்லைடு: கேள்வி

பெயர், பாடம், தேதி எல்லாவற்றையும் ஒரு மூலையில் சிறியதாகப் போடுங்கள். நடுவில் ஒரு கேள்வி இருக்கட்டும்.

"2024-இல் எண்ணெய் அதிகம் வந்தது. விலையும் ஏறியது. எப்படி?"

இது உண்மையான புதிர். வாரியத்தின் கணக்குப்படி 2023-இல் நம் நாட்டில் 185.5 லட்சம் டன் கச்சாச் செம்பனை எண்ணெய் உற்பத்தியானது. 2024-இல் அது 193.4 லட்சம் டன்னாக உயர்ந்தது. சந்தைக்குச் சரக்கு அதிகம் வந்தால் விலை இறங்கும் என்பது காய்கறிக் கடைக்குப் போகும் எல்லாருக்கும் தெரியும். ஆனால் டன்னுக்குச் சராசரி விலை 2023-இல் 3,809.50 வெள்ளியாக இருந்தது, 2024-இல் 4,179.50 வெள்ளி ஆயிற்று. டன்னுக்கு 370 வெள்ளி ஏற்றம். ஏறக்குறைய பத்து விழுக்காடு.

கேள்வியோடு தொடங்கினால் வகுப்பு விடைக்காகக் காத்திருக்கும். மேலே சொன்ன நான்கு எண்களையும் முதல் ஸ்லைடில் போட வேண்டாம். வாயால் சொன்னால் போதும். இன்னொன்று: ஆங்கில அறிக்கையில் மில்லியன் என்று இருக்கும். பத்து லட்சம் ஒரு மில்லியன். நீங்கள் எந்த மொழியில் பேசுகிறீர்களோ, அந்த அளவையிலேயே கடைசி வரை நில்லுங்கள்.

இரண்டாம் ஸ்லைடு: தொட்டி

தலைப்பு ஒரு முழு வாக்கியமாக இருக்கட்டும்: "வந்ததைவிடப் போனது அதிகம், அதனால் கையிருப்பு குறைந்தது."

இங்கே கவனியுங்கள். "உற்பத்தி, ஏற்றுமதி, கையிருப்பு" என்று தலைப்பு வைத்தால் அது பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டு மாதிரி. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாது. வாக்கியமாக வைத்தால், பேச்சைக் கேட்கத் தவறியவனும் தலைப்பைப் படித்துப் புரிந்துகொள்வான்.

அறிக்கையில் இந்த இடத்தில் பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு வரிசை, ஆறேழு பத்தி கொண்ட அட்டவணை இருக்கும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, லயத்துப் பக்கத்தில் நிற்கும் தண்ணீர்த் தொட்டி ஒன்றை வரையுங்கள். மேலே ஒரு குழாய், கீழே இரண்டு குழாய்.

ஆண்டுத் தொடக்கத்தில் தொட்டியில் இருந்தது 22.9 லட்சம் டன். மேல் குழாய் வழியாக வந்தது 193.4 லட்சம். கீழே முதல் குழாய் வழியாக வெளிநாட்டுக்குப் போனது 169 லட்சம். ஆண்டு முடிவில் தொட்டியில் நின்றது 17.1 லட்சம். மீதி ஏறக்குறைய 30 லட்சம் டன் இரண்டாம் குழாய் வழியாக உள்நாட்டுப் பயன்பாட்டுக்குப் போனது. சிறிது எண்ணெய் இறக்குமதியும் உண்டு என்பதால் இந்தக் கடைசி எண்ணை மட்டும் "ஏறக்குறைய" என்று சொல்லுங்கள்.

இப்போது புதிர் அவிழ்கிறது. முந்திய ஆண்டைவிட உற்பத்தி 7.9 லட்சம் டன் கூடியது. ஏற்றுமதியோ 151.3 லட்சத்திலிருந்து 169 லட்சமாக, அதாவது 17.7 லட்சம் டன் கூடியது. வந்து சேர்ந்த கூடுதலைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வெளியே போயிருக்கிறது. தொட்டியில் இருந்ததில் கால் பங்கு குறைந்துபோனது. சரக்கு குறைந்தால் வாங்குபவர் விலையை ஏற்றித்தானே கேட்பார்? பங்கு ஆய்வாளர்கள் ஒவ்வொரு மாதமும் பத்தாம் தேதி வாக்கில் வாரியத்தின் கணக்கை எதிர்பார்த்துக் காத்திருப்பது பெரும்பாலும் இந்தக் கையிருப்பு எண்ணுக்காகத்தான்.

மூன்றாம் ஸ்லைடு: ஒரு ஹெக்டர்

தலைப்பு: "ஒரு ஹெக்டரில் 16.70 டன் குலை. அதில் எண்ணெய் மூன்று டன்னுக்குச் சற்று மேல்."

நாட்டுக் கணக்கிலிருந்து கம்பெனிக் கணக்குக்குத் திடீரென்று தாவினால் கேட்பவர் தடுமாறுவார். இடையில் ஒரு படி வேண்டும். அந்தப் படிதான் ஒரு ஹெக்டர் நிலம். தேசியச் சராசரி 2023-இல் ஹெக்டருக்கு 15.79 டன் குலை, 2024-இல் 16.70 டன். நூறு கிலோ குலையை ஆலையில் போட்டால் ஏறக்குறைய 20 கிலோ எண்ணெய் கிடைக்கிறது. 16.70 டன்னுக்கு அது 3.34 டன்.

குலையையும் எண்ணெயையும் குழப்பிவிடுவது இந்த இடத்தில் அடிக்கடி நேரும் பிழை. அறிக்கையில் இரண்டுக்கும் டன் என்றே இருக்கும். பிழையைக் கண்டுபிடிக்க வழி எளிது. ஹெக்டருக்குப் பதினைந்து, பதினாறு என்று வந்தால் அது குலை. மூன்று, மூன்றரை என்று வந்தால் அது எண்ணெய். குலையின் டன்னை எண்ணெயின் விலையோடு பெருக்கிவிட்டால், கம்பெனி ஐந்து மடங்கு பணக்காரக் கம்பெனியாகிவிடும்!

குலை வெட்டித் தூக்கிய வீட்டுப் பிள்ளை இந்த ஸ்லைடில் கொஞ்சம் நின்று பேசலாம். பழுக்காத குலையை வெட்டினால் எண்ணெய் குறையும். உதிரிப் பழத்தைப் பொறுக்காமல் விட்டால் எண்ணெய் நிலத்திலேயே கிடந்துபோகும். அறிக்கையில் "எண்ணெய் எடுப்பு விகிதம்" என்ற ஒரே சொல்லுக்குள் இவ்வளவு வேலை அடங்கியிருக்கிறது. வகுப்பில் மற்றவர்களுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

நான்காம் ஸ்லைடு: ஒரு டன்

தலைப்பு: "விலை சிறிது அசைந்தால் இலாபம் அதிகம் அசையும்."

அறிக்கையில் ஒரு வரி இப்படி இருக்கும்: எண்ணெய் விலை டன்னுக்கு 100 வெள்ளி மாறினால், கம்பெனியின் இலாபம் இத்தனை விழுக்காடு மாறும். படிப்பவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஆனால் முழு அறிக்கையும் இந்த வரியின் மேல்தான் நிற்கிறது.

இதோ பயிற்சிக் கணக்கு. நம் கம்பெனி ஒரு டன் எண்ணெயை 4,180 வெள்ளிக்கு விற்கிறது. அந்த ஒரு டன்னுக்கு உரம், கூலி, லாரி, ஆலை எல்லாம் சேர்ந்து 2,680 வெள்ளி செலவு. மிச்சம் 1,500 வெள்ளி. வரிகளை இப்போதைக்கு ஒதுக்கிவைப்போம்.

விலை 100 வெள்ளி இறங்கட்டும். விலையில் அது இரண்டரை விழுக்காடுகூட இல்லை. ஆனால் செலவு இறங்காது. உரக்காரனுக்குக் கொடுத்தது கொடுத்ததுதான். மிச்சம் 1,500 போய் 1,400 ஆகிறது. இலாபத்தில் ஏறக்குறைய ஏழு விழுக்காடு போயிற்று.

ஸ்லைடில் இரண்டு கம்பங்கள் போதும். ஒவ்வொன்றும் ஒரு டன். அடியில் செலவு ஒரு நிறம், மேலே மிச்சம் இன்னொரு நிறம். இரண்டாவது கம்பத்தில் மேல்நிறம் மட்டும் சுருங்கியிருப்பதைக் கண்ணே காட்டிவிடும்.

ஐந்தாம் ஸ்லைடு: தீர்ப்பு எப்படி வந்தது?

தலைப்பு: "ஒரு பங்கின் இலாபம் 20 காசு, அதை 20 ஆல் பெருக்கினால் இலக்கு விலை 4 வெள்ளி."

இலக்கு விலையில் பெரிய மந்திரம் எதுவும் இல்லை. பல அறிக்கைகளில் அது ஒரு பெருக்கல் கணக்கு. கம்பெனியின் இலாபத்தைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு பங்குக்கு இவ்வளவு என்று வரும். அதை ஒரு மடங்கால் பெருக்குகிறார்கள். இதே மாதிரிக் கம்பெனிகளின் பங்குக்குச் சந்தை கொடுத்துவரும் மடங்கைப் பார்த்து, ஆய்வாளர் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்.

பயிற்சிக் கணக்கில், டன்னுக்கு 1,500 வெள்ளி மிச்சம் என்றால் ஒரு பங்குக்கு 20 காசு இலாபம் என்று வைப்போம். மடங்கு 20. இலக்கு விலை 4 வெள்ளி. பங்கு இன்று 3 வெள்ளி 50 காசுக்கு விற்கிறது. 50 காசு ஏற இடமிருக்கிறது; ஆகவே "வாங்கலாம்" என்கிறார் ஆய்வாளர்.

இந்த ஸ்லைடில் பெருக்கல் கணக்கு ஒன்றைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். வேறெதுவும் வேண்டாம்.

ஆறாம் ஸ்லைடு: எது மாறினால் தீர்ப்பு மாறும்?

தலைப்பு: "எண்ணெய் விலை 2023-இன் நிலைக்குத் திரும்பினால், வாங்கலாம் என்பது விற்கலாம் ஆகிவிடும்."

மதிப்பெண் கிடைக்கும் இடம் இதுதான். ஆய்வாளர் சொன்னதைத் திருப்பிச் சொல்வது முதல் ஐந்து ஸ்லைடு. அதைச் சோதித்துப் பார்ப்பது இந்த ஆறாவது.

விலை 370 வெள்ளி இறங்கி 2023-ஆம் ஆண்டு இருந்த இடத்துக்கே போகட்டும். டன்னுக்கு மிச்சம் 1,500 போய் 1,130 ஆகும். பங்குக்கு இலாபம் 20 காசு போய் ஏறக்குறைய 15 காசு ஆகும். இருபதால் பெருக்கினால் 3 வெள்ளி. இன்று விற்கும் 3 வெள்ளி 50 காசைவிட அது குறைவு. ஒரே ஆண்டில் ஏறிய விலை ஒரே ஆண்டில் இறங்கினால் போதும், தீர்ப்பு தலைகீழாகிவிடுகிறது. விலை நிற்கும் என்று ஆய்வாளர் ஏன் நம்புகிறார் என்பதை ஒரு வரியில் சொல்லுங்கள். உதாரணத்துக்கு, உலகில் செம்பனை எண்ணெய் அதிகம் உற்பத்தி செய்யும் இந்தோனேசியா 2025-இல் தன் டீசலில் 40 விழுக்காடு செம்பனை எரிபொருள் கலக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அங்கே உள்நாட்டில் அதிகம் செலவானால் வெளிநாட்டுக்கு வருவது குறையும் என்பது அவர்கள் வாதம்.

இதே ஸ்லைடில் இன்னொரு சோதனையும் செய்ய வேண்டும். அறிக்கையில் "ஆபத்துகள்" என்ற தலைப்பின் கீழ் "கூலி உயர்வு" என்று ஒரு வரி இருக்கும். எவ்வளவு ஆபத்து என்று சில அறிக்கைகளில் இருக்காது. நாம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,500 வெள்ளியாக இருந்தது. 2025 பிப்ரவரி 1 முதல், ஐந்து பேருக்கும் குறைவாக வேலைக்கு வைத்திருக்கும் சிறு முதலாளிகளுக்குச் சில மாதத் தவணை கொடுத்துவிட்டு, அது 1,700 ஆக்கப்பட்டது. ஆளுக்கு மாதம் 200 வெள்ளி, ஆண்டுக்கு 2,400. பத்து ஹெக்டருக்கு ஒரு தொழிலாளி என்று பயிற்சிக்காக வைப்போம். பத்து ஹெக்டரில் எண்ணெய் 33.4 டன். 2,400-ஐ 33.4 ஆல் வகுத்தால் டன்னுக்கு ஏறக்குறைய 72 வெள்ளி. மிச்சம் 1,500 போய் 1,428 ஆகிறது. சேமநிதிச் சந்தாவையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். ஏற்கெனவே குலைக்கணக்கில் 1,700-க்கு மேல் வாங்குபவருக்கு இந்த உயர்வு முழுவதும் பொருந்தாது. அப்போது கொஞ்சம் குறையும்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கூலி உயர்வால் டன்னுக்கு 72 வெள்ளி. விலை 2023-க்குத் திரும்பினால் டன்னுக்கு 370 வெள்ளி. கூலி உயர்வு கம்பெனிக்குச் செலவுதான். இல்லை என்று சொல்லக் கூடாது. ஆனால் தீர்ப்பைத் தலைகீழாக்குவது அது அல்ல. கூலி உயர்வோடு மட்டும் கணக்குப் போட்டால் இலக்கு விலை ஏறக்குறைய 3 வெள்ளி 80 காசு. பங்கு விலை அதற்குக் கீழேதான் இருக்கிறது. "கூலியால் கம்பெனி தள்ளாடும்" என்று வகுப்பில் யாராவது சொன்னால், கோபப்பட வேண்டாம். இந்த இரண்டு கம்பங்களைத் திரையில் காட்டுங்கள். எந்த எண்ணை நீங்கள் வைத்துக்கொண்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். பத்து ஹெக்டருக்குப் பதில் எட்டு ஹெக்டர் என்று ஒருவர் கேட்டால், அங்கேயே மாற்றிப் போட்டுக் காட்ட முடியும்: டன்னுக்கு ஏறக்குறைய 90 வெள்ளி வரும். அப்போதும் தீர்ப்பு மாறாது.

ஏழாம் ஸ்லைடு: உங்கள் முடிவு

தலைப்பு: "இந்தத் தீர்ப்பை நம்புவது, எண்ணெய் விலையை நம்புவதுதான்."

அறிக்கையை ஒப்புக்கொள்கிறீர்களா, இல்லையா என்று இரண்டு வரியில் சொல்லுங்கள். அடுத்து, எதைக் கவனித்து வந்தால் தீர்ப்பு சரியா என்று தெரியும் என்பதைச் சொல்லுங்கள். நம் கணக்கில் அது மாதந்தோறும் வரும் கையிருப்பு எண். தொட்டி நிரம்பத் தொடங்கினால் விலை தளரும் என்று எதிர்பார்க்கலாம். கடைசியாக, பொடி எழுத்துப் பக்கத்தில் கண்டதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். எழுதிய நிறுவனத்துக்கும் கம்பெனிக்கும் கொடுக்கல் வாங்கல் உண்டு என்றால், அறிக்கை பொய் என்று பொருளல்ல. கேட்பவர் அதைத் தெரிந்துகொண்டு எடைபோட வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு படுகுழிகள்

நல்ல ஸ்லைடையும் கெடுத்துவிடும் இரண்டு தவறுகளை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

ஒன்று, கம்பப் படத்தின் அடிக்கோடு. 3,809.50 வெள்ளிக்கு ஒரு கம்பம், 4,179.50 வெள்ளிக்கு ஒரு கம்பம் வரைகிறீர்கள். அடிக்கோடு சுழியத்தில் தொடங்கினால் இரண்டாவது பத்தில் ஒரு பங்கு மட்டும் உயர்ந்து நிற்கும். அதுதான் உண்மை. ஆனால் கணினி சில வேளை தானாகவே அடிக்கோட்டை 3,700-இல் தொடங்கிவிடும். அப்போது முதல் கம்பம் 110 உயரம், இரண்டாவது 480 உயரம். விலை நான்கு மடங்கு ஏறியதுபோல் தோன்றும். படம் வரைந்து முடித்ததும் இடப்பக்கத்தின் கீழ் மூலையில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். சுழியம் இல்லையென்றால் மாற்றுங்கள்.

மற்றொன்று, ஆண்டு. இரண்டு கம்பெனிகளை ஒப்பிடச் சொன்னால் இது கட்டாயம் தலைகாட்டும். முன்பு சைம் டார்பி பிளாண்டேஷன் என்றிருந்து 2024-இல் பெயர் மாறிய எஸ்.டி. கத்ரி, டிசம்பரில் கணக்கை முடிக்கிறது. கோலாலம்பூர் கெப்போங் செப்டம்பரில் முடிக்கிறது. ஐ.ஓ.ஐ. ஜூனில் முடிக்கிறது. ஆகவே "2024" என்று மூன்று அறிக்கையிலும் போட்டிருந்தாலும் அவை ஒரே பன்னிரண்டு மாதங்கள் அல்ல. ஐ.ஓ.ஐ.யின் 2024-இல் பாதி, 2023-ஆம் ஆண்டின் மாதங்கள். விலை ஏறிய மாதங்கள் ஒருவர் கணக்கில் விழுந்து மற்றவர் கணக்கில் விழாமல் போகும். ஸ்லைடின் அடியில் "ஆண்டு முடிவு: ஜூன்" என்பதுபோல ஒரு சிறு வரி எழுதிவிட்டால் யாரும் குறை சொல்ல முடியாது.

வீட்டில் ஒரு சோதனை

வகுப்புக்கு முந்தின நாள் இரவு, ஸ்லைடுகளை மூடிவிட்டு, ஏழு தலைப்புகளை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். அம்மாவிடமோ அப்பாவிடமோ வரிசையாகப் படித்துக்காட்டுங்கள். எங்கே அவர்கள் "ஏன்?" என்று கேட்கிறார்களோ, அங்கே ஒரு படி விடுபட்டிருக்கிறது. எங்கே "அது என்ன சொல்?" என்று கேட்கிறார்களோ, அந்தச் சொல்லை மாற்ற வேண்டும். நம் பயிற்சியின் தலைப்புகள் இவை:

1. 2024-இல் எண்ணெய் அதிகம் வந்தது. விலையும் ஏறியது. எப்படி?
2. வந்ததைவிடப் போனது அதிகம்; அதனால் கையிருப்பு குறைந்தது.
3. ஒரு ஹெக்டரில் 16.70 டன் குலை. அதில் எண்ணெய் மூன்று டன்னுக்குச் சற்று மேல்.
4. விலை சிறிது அசைந்தால் இலாபம் அதிகம் அசையும்.
5. ஒரு பங்கின் இலாபம் 20 காசு. அதை 20 ஆல் பெருக்கினால் இலக்கு விலை 4 வெள்ளி.
6. எண்ணெய் விலை 2023-இன் நிலைக்குத் திரும்பினால், வாங்கலாம் என்பது விற்கலாம் ஆகிவிடும்.
7. இந்தத் தீர்ப்பை நம்புவது, எண்ணெய் விலையை நம்புவதுதான்.

உங்கள் கைக்கு வரும் அறிக்கை வங்கியைப் பற்றியதாக இருக்கலாம். கையுறைத் தொழிற்சாலையைப் பற்றியதாக இருக்கலாம். அப்போது தொட்டியும் ஹெக்டரும் மாறும். அங்கேயும் எந்த ஒரு எண் மாறினால் தீர்ப்பு தலைகீழாகும் என்று முதலில் தேடுங்கள். அது கிடைத்த பிறகே ஸ்லைடு போட உட்காருங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை தலைப்புகளைப் படித்துக்காட்ட வந்தால், "எனக்கென்ன தெரியும்?" என்று அனுப்பிவிடாதீர்கள். மூன்றாம் ஸ்லைடைத் திருத்த உங்களைவிடத் தகுதியானவர் அந்த வகுப்பில் யாரும் இருக்க மாட்டார்.